'நேர்மை'ன்னு சொல்லாமலே நேர்மையைக் காட்டுவது எப்படி? உங்க கடைக்கு ஒரு 90 விநாடிப் படம்!

கடைக்கு ஒரு விளம்பரப் படம் எடுக்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. டி.வி-யில போடுற அளவுக்கு இல்லை. வாட்ஸ்அப்ல அனுப்ப, யூடியூப்ல போட, கடை வாசல் திரையில ஓடவிட, ஒன்றரை நிமிஷப் படம் போதும். கேமராமேன் ரெடி. "ஸ்கிரிப்ட் எங்கே சார்?" என்று அவர் கேட்டதும், நம்மில் பெரும்பாலானோர் எழுதுவது இதைத்தான்: டிரோன் ஷாட்டில் கடை, பெயர்ப்பலகை, நாற்காலியில் முதலாளி, பின்னணியில் கனத்த குரல். "முப்பது ஆண்டு அனுபவம். நேர்மை எங்கள் மூச்சு. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்."

இப்போ ஒரு சின்ன சோதனை. அந்த வரிகள்ல உங்க கடைப் பெயரை எடுத்துட்டு எதிர்க்கடைப் பெயரைப் போட்டுப் பாருங்க. கச்சிதமா பொருந்துதா? அப்போ அது உங்க படம் இல்லை.

'நாங்க நேர்மையானவங்க' என்று யார் வேணும்னாலும் சொல்லலாம், செலவே இல்லாத வார்த்தை அது. ஆனா, நேர்மையா இருந்ததால கடைக்கு ஒரு நஷ்டம் வந்த தருணத்தைக் காட்டினா, பார்க்கிறவர் தானாகவே அந்த வார்த்தைக்கு வந்துடுவார். ஒன்றரை நிமிஷத்துல நீங்க தேட வேண்டியது அந்த ஒரு தருணத்தைத்தான்.

தருணத்தை எங்கே தேடுறது?

முதலாளியிடம் கேட்டா கிடைக்காது. அவருக்குத் தெரிஞ்சது கடையின் சரித்திரம். கல்லாவுல இருப்பவர், பொருளைக் கையில வாங்குறவர், ரிப்பேர் பார்க்கிறவர், இவங்ககிட்டதான் உட்காரணும். "நம்ம கடையோட சிறப்பு என்ன?" என்று கேட்காதீங்க. மறுபடி நேர்மை, தரம்னுதான் பதில் வரும். "கடைசியா யாரைக் காசு வாங்காம அனுப்பினீங்க? ஏன்?" என்று கேளுங்க. "விற்க முடிஞ்சும் விற்காம விட்டது உண்டா?" என்று கேளுங்க. அப்போ ஆட்கள் வருவாங்க, நாள் வரும், பொருள் வரும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் செய்யும் கடை என்று வெச்சுக்கங்க. மெக்கானிக்கிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரிக்கிறார். "வாரத்துக்கு ரெண்டு பேராவது செத்துப்போன மிக்ஸினு தூக்கிட்டு வருவாங்க. ஒண்ணும் இருக்காது. அடியில சிவப்பு பட்டன் வெளியே வந்திருக்கும்."

அவர் சொல்வது ஓவர்லோடு சுவிட்ச். மாவு கெட்டியா இருந்தாலோ, ஜாரை நிரப்பி ரொம்ப நேரம் ஓட்டினாலோ மோட்டார் திணறும். அது எரிஞ்சுபோகாம இருக்க, இந்த சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிச்சிடும். மிக்ஸி ஆறின பிறகு, பிளக்கைக் கழற்றி, ஜாரில் இருப்பதைக் குறைச்சு, பட்டனை அமுக்கினா மறுபடி ஓடும். தெரியாதவங்களுக்கு அது செத்த மிக்ஸிதான். பட்டனை மறைவா அமுக்கிட்டு "காயில் போயிடுச்சு" என்று காசு வாங்குறது சுலபம். இவர் வாங்குறதில்லை. இதுதான் நமக்கான தருணம்.

வாடிக்கையாளரிடம் என்ன கேட்பது?

அப்படி வந்த ஓர் அம்மாவை மெக்கானிக் அடையாளம் காட்டுறார். அவங்க வீட்டுக்குப் போய், "எங்க கடையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேமராவை நீட்டினா, "நல்ல கடைங்க, நல்லா செய்வாங்க" என்பதோட முடிஞ்சிடும். அதுவும் ஒரு வெறும் பாராட்டுதான்.

அந்த நாளைக் கேளுங்க. காலையில என்ன அரைச்சீங்க? மிக்ஸியை எதுல வெச்சுத் தூக்கிட்டு வந்தீங்க? பர்ஸுல எவ்வளவு இருந்தது? கடைக்காரர்கிட்ட முதல்ல என்ன கேட்டீங்க? கடைசியா ஒரு கேள்வியை மறக்காம கேளுங்க: "அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" இந்த உதாரணத்துல அவங்க பதில்கள் இப்படி: கிரைண்டர் ரிப்பேர், அதனால இட்லி மாவை மிக்ஸியிலேயே அரைச்சாங்க. துணிக்கடைக் கட்டைப்பையில வெச்சு பஸ்ஸில் கொண்டு வந்தாங்க. பர்ஸில் மடிச்ச ஒரே ஒரு 500 ரூபாய். ரெண்டு மாசம் கழிச்சு தங்கச்சி வீட்டு மிக்ஸி நின்னப்போ, போனிலேயே வழி சொல்லிட்டாங்க.

அந்தக் கடைசித் தகவல் பொக்கிஷம். தங்கச்சியும் கடைக்கு வரலை. அதாவது, கடைக்கு இன்னொரு நஷ்டம்!

90 விநாடியைப் பிரிப்பது எப்படி?

நிதானமா பேசினா 90 விநாடியில சுமார் 150 தமிழ் வார்த்தைகள் பேசலாம். அத்தனையையும் பேசித் தீர்த்துட்டா பார்க்க எதுவும் இருக்காது. நாற்பது, ஐம்பது வார்த்தையோட நிறுத்துங்க. மிச்சத்தை முகமும் கையும் சொல்லட்டும்.

*முதல் 10 விநாடி:* ஓடும் பஸ். மடியில் கட்டைப்பை. உள்ளே மிக்ஸி. பள்ளத்தில் பஸ் குலுங்கும்போது அவங்க கை பையை இறுக்கிப் பிடிக்குது. பேச்சு இல்லை.

*10 முதல் 25 வரை:* கடை. பையிலிருந்து மிக்ஸி வெளியே வருது. "எவ்வளவு ஆகும்னு மொதல்ல சொல்லிருங்கண்ணே." பர்ஸில் அந்த 500 ரூபாய் ஒரு நொடி தெரியுது.

*25 முதல் 45 வரை:* மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை எடுக்கலை. "நேத்து என்னம்மா அரைச்சீங்க?" "இட்லி மாவுண்ணே. தண்ணி கொஞ்சம் கம்மியாப் போச்சு." அவர் மிக்ஸியைக் கவிழ்க்கிறார்.

*45 முதல் 60 வரை:* "இந்த சிவப்பு பட்டனை அமுக்குங்க." தயங்கி அமுக்குறாங்க. டக். அவர் நிமிர்த்தி வெச்சு சுவிட்சைப் போடுறார். மிக்ஸி சத்தம்.

*60 முதல் 75 வரை:* அவங்க பர்ஸைத் திறக்குறாங்க. "எவ்வளவுண்ணே?" "பட்டனை நீங்கதானேம்மா அமுக்குனீங்க... எனக்கெதுக்கு?" அவர் அடுத்த மிக்ஸியை எடுத்துட்டார்.

*75 முதல் 86 வரை:* அவங்க வீட்டு அடுப்படி. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன். "பிளக்கைக் கழட்டிட்டு கவுத்துப் போட்டு அடியில பாருடி... சிவப்பா இருக்கும்."

*கடைசி 4 விநாடி:* கடைப் பெயர், ஊர். அவ்வளவுதான்.

'எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வி 25-வது விநாடிக்குள்ள வந்துடுது, பதில் 70-க்கு மேலதான் வருது என்பதைக் கவனிங்க. நடுவில் இருக்கும் முக்கால் நிமிஷமும் பார்க்கிறவர் அந்தப் பதிலுக்காகத்தான் உட்கார்ந்திருப்பார். உங்க கதையில கேள்வி வேறயா இருக்கலாம். ஆனா, ஒரு கேள்வி சீக்கிரம் விழணும், பதில் தாமதமா வரணும்.

எங்கே சறுக்கும்?

முதல் ஆபத்து, முதலாளியின் ஆசை. ஸ்கிரிப்டைப் படிச்சுட்டு, "சூப்பர். கடைசியில 'நேர்மையின் மறுபெயர்'னு ஒரு வரி போட்டுடலாமே" என்பார். அந்த ஒரு வரி, முன்னால வந்த 86 விநாடியையும் விளம்பரமா மாத்திடும். பார்க்கிறவர் தானா கண்டுபிடிச்ச வார்த்தையை நாம பிடுங்கிச் சொன்ன மாதிரி ஆயிடும்.

இரண்டாவது, வாடிக்கையாளரைப் பரிதாபத்துக்குரியவரா காட்டுறது. கண்ணீர், சோக வயலின், கை கூப்புறது என்று போனா, கடைக்காரர் கடவுள் ஆயிடுவார், அந்த அம்மா பிச்சை வாங்கினவங்களா தெரிவாங்க. அதனாலதான் பட்டனை அவங்க கையாலேயே அமுக்க வைக்கிறோம். தங்கச்சிக்கு அவங்களே சொல்லிக் கொடுக்குறாங்க. பாட்டும் வேண்டாம். மிக்ஸி சத்தமே அந்தப் படத்துக்கு இசை.

மூன்றாவது, வசனத்தை அழகுபடுத்துறது. உண்மையான மனுஷங்களே நடிக்கிறாங்கன்னா வரிகளை மனப்பாடம் பண்ணச் சொல்லாதீங்க. அன்னிக்கு நடந்ததை ஞாபகப்படுத்திட்டு, அவங்க வார்த்தையிலேயே பேசவிடுங்க. 2017-ல் வந்த விக்ஸ் விளம்பரப் படத்தில் திருநங்கை கௌரி சாவந்த் தானே நடிச்சிருந்தார். ஒரு பெண் குழந்தையைத் தன் மகளா வளர்த்த அவரோட வாழ்க்கைதான் கதை. விக்ஸ் நல்ல மருந்து என்ற பேச்சே முக்கியமா இல்லை. அது மூன்று நிமிஷத்தைத் தாண்டும் படம். உங்களுக்கு அதில் பாதிகூட இல்லை என்பதால, ஒரு வாழ்க்கையைச் சொல்ல முயலாதீங்க. ஒரு காலை நேரம் போதும்.

எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை

எழுதின காட்சிகளை, கடையைத் தெரியாத ஒருத்தர்கிட்ட கதையா சொல்லுங்க. கடைப் பெயர் வேண்டாம். முடிச்சதும், "இந்தக் கடை எப்படிப்பட்டது?" என்று மட்டும் கேளுங்க. "ஏமாத்த மாட்டாங்க போல" என்று அவர் வாயில வந்தா ஸ்கிரிப்ட் ஜெயிச்சது. "பாவம் அந்தம்மா" என்று சொன்னா இரண்டாவது தவறு நடந்திருக்கு. "மிக்ஸியில இப்படி ஒரு பட்டன் இருக்கா?" என்பதோட நின்னுட்டா, அந்த 500 ரூபாய் பதற்றம் போதுமான அளவுக்குத் தெரியலைன்னு அர்த்தம்.

இரண்டாவது சோதனை, கடைக்கு. அந்த அம்மாகிட்ட கதையைச் சொல்லி, எங்கெல்லாம் படம் ஓடும்னு விளக்கி, எழுத்துல சம்மதம் வாங்குங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க. வேற நடிகர்களை வெச்சு எடுத்தா, 'உண்மைச் சம்பவத்தின் மறு உருவாக்கம்' என்று ஒரு வரி போடுங்க. அதைவிட முக்கியமா, படம் வெளியான மறுநாள் காலையில கடையில என்ன நடக்கும்னு யோசிங்க. சிவப்பு பட்டன் பிரச்னையோட நாலு பேர் வருவாங்க. கல்லா பக்கத்துல 'செக்கிங் சார்ஜ் 150' என்று போர்டு தொங்குதா? மெக்கானிக் இல்லாத நாளில் உதவிப் பையன் காசு வாங்குறானா? அப்படின்னா நீங்க எடுத்தது ஒரு நல்ல மனுஷரைப் பத்தின படம், கடையைப் பத்தினது இல்லை. படத்தைப் பார்த்து நம்பி வந்து ஏமாந்தவர், படமே பார்க்காதவரைவிட அதிகக் கோபத்தோட ரிவ்யூ எழுதுவார்.

அதனால, முதல்ல அந்த போர்டைக் கழற்றுங்க. பையனுக்குப் பட்டனைக் காட்டிக் கொடுங்க. அப்புறம் கேமராமேனுக்குப் போன் பண்ணுங்க!