பத்து பாஸ் என்றால் எத்தனை பேர்?

மாநாடு நடத்துபவர்கள் ஸ்பான்சர் நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள்: உங்களுக்கு இத்தனை இலவச பாஸ், இந்தத் தேதிக்குள் விருந்தினர் பெயர்களைக் கொடுங்கள். நான்கு வரிதான். அது தெளிவில்லாமல் போனால் சண்டை நிகழ்ச்சி அன்று காலை பதிவு கவுன்டரில் வெடிக்கும்.

பிப்ரவரி 20, 21 என இரண்டு நாள் மாநாடு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் '10 பாஸ்' என்று மட்டும் இருக்கிறது. இரண்டு நாளும் அதே பத்துப் பேர் வருவார்கள் என்பது அமைப்பாளரின் கணக்கு. நாளைக்குப் பத்துப் பேர் வீதம் இருபது பேரை அனுப்பலாம் என்பது ஸ்பான்சரின் கணக்கு. ஸ்டாலில் நிற்கும் மூன்று ஊழியர்கள் இந்தப் பத்துக்குள்ளா, வெளியிலா என்பது அடுத்த குழப்பம். அதனால் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்:

"ஒப்பந்தப்படி உங்களுக்கு 10 இலவச பாஸ். ஒரு பாஸ் ஒரே நபருக்கு. இரண்டு நாளும் செல்லும். மதிய உணவு உண்டு, முதல் நாள் இரவு விருந்து இதில் சேராது. ஸ்டால் ஊழியர்கள் 3 பேருக்குத் தனி பாஸ். பெயர்களை பிப்ரவரி 13, வெள்ளி மாலை 5 மணிக்குள் அனுப்பவும்."

கெடு தேதியைப் பின்னாலிருந்து எண்ணித்தான் வைக்க வேண்டும். பேட்ஜ் அச்சுக்குப் போகும் நாள், சமையல்காரருக்குத் தலைக்கணக்கு சொல்லும் நாள், வாசல் காவலுக்குப் பட்டியல் தரும் நாள் ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அதற்குச் சற்று முன்னால் கெடு இருக்கட்டும். இங்கே அச்சு திங்கட்கிழமை 16ஆம் தேதி. இடையில் வரும் சனி, ஞாயிறு பட்டியலைச் சரிபார்க்க உதவும். பயமுறுத்துவதற்காகப் பொய்க்கெடு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை தாமதமாகக் கொடுத்தும் வேலை நடந்துவிட்டால், அடுத்த ஆண்டு யாரும் அந்தத் தேதியை மதிக்கமாட்டார்கள்.

பெயர் கேட்கும்போது பேட்ஜில் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே முழுப்பெயர், பதவி, நிறுவனம், ஆளுக்கொரு மின்னஞ்சல், கைபேசி எண் என்று ஐந்து கட்டங்கள் உள்ள எக்ஸெல் தாளை இணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் 'எம்.டி. + 2 பேர்' என்று பதில் வரும். அதை வைத்து எந்த பேட்ஜையும் அச்சடிக்க முடியாது. ஒரே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவும் விளம்பரப் பிரிவும் தனித்தனியே பட்டியல் அனுப்பினால் பத்துக்குப் பன்னிரண்டு பெயர் சேர்ந்துவிடும். யாரை நீக்குவது என்பதை அமைப்பாளர் முடிவு செய்யக் கூடாது. அன்றே பட்டியலைத் திருப்பி அனுப்பி, பத்தாக்கித் தரும்படி கேட்க வேண்டும். பெயர்களை ஒருவர் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்: பெயர் வராத பாஸ்கள் ரத்தா, அல்லது கவுன்டரில் கையால் எழுதிய பேட்ஜ் கிடைக்குமா, ஆள் மாற்றம் எந்த நாள் வரை? மூன்று நாள் முன்பு அனுப்பும் நினைவூட்டலில், "7 பெயர் வந்துள்ளது, 3 பாக்கி" என்று அந்த ஸ்பான்சரின் கணக்கையே எழுதினால், பதில் சீக்கிரம் வரும்.