விலை வரைபடத்தை வாசிப்பது எப்படி?

சங்கக் கூட்டத்தில் சரக்கு விலை வரைபடத்தை ஒருவர் எழுந்து வாசிக்கிறார்: "ஜனவரி 140, பிப்ரவரி 136, மார்ச் 122..." ஐந்தாவது மாதம் வருவதற்குள் முதல் மாதம் மறந்துவிடுகிறது. பின்வரிசையில் இருப்பவருக்குப் படமும் தெரியாது. பன்னிரண்டு எண்களும் காதில் விழுந்தன. விலை போன போக்கு மட்டும் மனத்தில் நிற்கவில்லை.

எடுத்துக்காட்டாக, புளியின் மொத்த விலையை வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ரூபாயில், ஜனவரி முதல் டிசம்பர் வரை: 140, 136, 122, 113, 110, 114, 118, 122, 127, 150, 135, 140. (இவை விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள்.)

இதை வாசிப்பவர் முதலில் எந்தச் சரக்கு, எந்த அளவு, எந்தக் காலம் என்று சொல்லிவிட வேண்டும். அடுத்து கோட்டின் வடிவத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். எண்கள் அதற்குப் பிறகுதான். இப்படி வாசிக்கலாம்:

"புளி, மொத்த விலை, கிலோவுக்கு, ஓராண்டு. விலை இறங்கி, மீண்டும் பழைய இடத்துக்கே ஏறியது. தொடக்கத்தில் 140. புதுப்புளி வரத்தால் இறங்கி, மே மாதத்தில் 110. அங்கிருந்து மாதம் நாலைந்து ரூபாயாக ஏறி டிசம்பரில் மறுபடி 140. அக்டோபரில் மட்டும் மழையால் லாரி வராமல் 150-க்குத் தாவி, அடுத்த மாதமே இறங்கியது."

பன்னிரண்டு எண்களில் நான்கைத்தான் சொன்னோம். தொடக்கம், திரும்பிய இடம், முடிவு, விதிவிலக்கான ஒரு மாதம். எண் திரும்பிய இடத்தில் மாதத்தின் பெயரையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எப்போது இருப்பு வாங்குவது என்று கணக்குப் போடுபவருக்கு அதுவே தேவை.

இரண்டு இடங்களில் தவறு நேரும். முதலும் கடைசியும் மட்டும் சொன்னால், "ஆண்டு முழுதும் விலை அசையவில்லை" என்று கேட்பவர் எண்ணுவார். மே மாதத்தில் வாங்கும் வாய்ப்பு அவர் கண்ணில் படாது. அக்டோபரைக் காரணம் சொல்லாமல் வாசித்தால், விலை இன்னும் ஏறும் என்று பயந்து 150-க்கு மூட்டை பிடிப்பவரும் உண்டு.

மற்றொன்று, படத்தின் அடிக்கோடு. அது 100-இல் தொடங்கினால், 110-இலிருந்து 140-க்கு ஏறியது நான்கு மடங்கு உயரமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை நம்பி "விலை மலையாக ஏறியது" என்று வாசிக்கக் கூடாது. ஏறியது 30 ரூபாய். அதாவது கால் பங்குக்குச் சற்று மேல். அப்படியே சொல்ல வேண்டும்.

வாசித்தது புரிந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. படத்தைப் பார்க்காத ஒருவரை, கேட்டதை விரலால் மேசைமேல் வரையச் சொல்லுங்கள். இறங்கி, திரும்பி, நடுவில் ஒரு முள்ளோடு ஏறும் கோடு வந்தால் சரி. அவர் நேர்கோடு இழுத்தால், மீண்டும் வாசிக்க வேண்டியதுதான்.