முப்பது விழுக்காடு என்றால் எத்தனை பேர்?
(இருதய மருந்தாய்வு முடிவுகளைப் படித்தறியும் முறை)

இருதய நோய் மருந்தைப் பற்றி நாளிதழில் செய்தி வந்தால், "மாரடைப்பு அபாயம் 30 விழுக்காடு குறைகிறது" என்பது போன்ற ஒரு வரி அதில் இருக்கும். அதைப் படிப்பவர்களில் பலர், நூறு பேர் மருந்து சாப்பிட்டால் முப்பது பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்று பொருள் கொள்கிறார்கள். அந்த வரி அப்படிச் சொல்லவில்லை. மருந்தாய்வுப் புள்ளிவிவரங்களைச் சரிபார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு இங்கே விளக்க விரும்புகிறேன். கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் தீபாவளி விற்பனையை எண்ணிப் பாருங்கள். கடை முழுவதும் 30 விழுக்காடு கழிவு. பத்து வெள்ளித் துண்டுக்கு மிச்சமாவது மூன்று வெள்ளி. முந்நூறு வெள்ளிச் சேலைக்கு மிச்சமாவது தொண்ணூறு வெள்ளி. கழிவு ஒன்றுதான், ஆனால் கையில் மிஞ்சும் பணம் பொருளின் விலையைப் பொறுத்தது. மருந்திலும் அப்படியே. இங்கே விலை என்பது, மருந்தே சாப்பிடாவிட்டால் ஒருவருக்கு இருக்கும் அபாயம்.

ஆய்வுக் கட்டுரைகள் அந்தக் கழிவைப் பெரும்பாலும் 'ஹசார்ட் ரேஷியோ' என்ற எண்ணாகத் தரும். அது என்ன? ஆயிரம் பேருக்கு மருந்து, இன்னோர் ஆயிரம் பேருக்கு வெற்று மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் வெற்று மாத்திரை அணியில் 100 பேருக்கும், மருந்து அணியில் 70 பேருக்கும் மாரடைப்பு வருகிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது, பாதிக்கப்படாமல் எஞ்சியிருப்பவர்கள் 900 பேரும் 930 பேரும். அவர்களில் முறையே 90 பேரும் 65 பேரும் பாதிக்கப்படுகிறார்கள். அதாவது எஞ்சியிருப்போரில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அணியில் 10 விழுக்காடு, மற்றோர் அணியில் 7 விழுக்காடு. ஏழைப் பத்தால் வகுத்தால் 0.70. இதுவே ஹசார்ட் ரேஷியோ. நோய் தாக்கும் வேகத்தை ஒப்பிடும் எண். 1 என்றால் வேறுபாடு இல்லை. 1-க்குக் கீழே என்றால் மருந்து அணியில் வேகம் குறைவு. மேலே என்றால் அதிகம். எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இந்த எண் சொல்லாது.

இனி இரண்டு உண்மையான ஆய்வுகளைப் பார்ப்போம். முதலாவது, 1994-இல் வெளியான '4எஸ்' என்னும் ஸ்காண்டிநேவிய ஆய்வு. இதில் சேர்க்கப்பட்ட 4,444 பேரும் ஏற்கனவே மாரடைப்போ, இருதய நெஞ்சுவலியோ கண்டவர்கள். 2,221 பேருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையும், 2,223 பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, சுமார் ஐந்தரை ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, மாரடைப்பால் மரணம் போன்ற பெரிய இருதயப் பாதிப்பு, வெற்று மாத்திரை அணியில் 622 பேருக்கும் மருந்து அணியில் 431 பேருக்கும் ஏற்பட்டது. கட்டுரை தந்த விகிதம் 0.66. செய்தித்தாள் மொழியில் 34 விழுக்காடு குறைவு.

இரண்டாவது, 1995-இல் வெளியான மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வு. இதில் 6,595 ஆண்கள். கொலஸ்ட்ரால் அதிகம், ஆனால் மாரடைப்பு வந்ததில்லை. 3,302 பேருக்குப் பிரவாஸ்டாட்டின், 3,293 பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இருதய நோயால் மரணமோ கண்டவர்கள் முறையே 174 பேரும் 248 பேரும். 31 விழுக்காடு குறைவு என்று அறிவித்தார்கள்.

34-உம் 31-உம் ஏறக்குறைய ஒன்றே. கழித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

4எஸ் ஆய்வில் 2,223 பேரில் 622 என்பது 28.0 விழுக்காடு. 2,221 பேரில் 431 என்பது 19.4 விழுக்காடு. கழித்தால் 8.6. இதுதான் நேரடி அபாயக் குறைவு. நூறு பேர் மருந்து சாப்பிட்டதால் ஏறக்குறைய ஒன்பது பேர் தப்பினார்கள். 72 பேருக்கு மருந்து இல்லாமலும் ஒன்றும் வந்திராது. 19 பேருக்கு மருந்து சாப்பிட்டும் வந்தது. நூறை 8.6-ஆல் வகுத்தால் 11.6, மேல்நோக்கி முழுமையாக்கினால் 12. ஒருவரைக் காக்க 12 பேர் ஐந்தரை ஆண்டுகள் மருந்து சாப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் இதனை 'என்.என்.டி.' என்பார்கள்.

ஸ்காட்லாந்து ஆய்வில் 7.5 விழுக்காட்டிலிருந்து 5.3 விழுக்காடு கழிய, மிஞ்சுவது சுமார் 2.2. நூறை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 45. அங்கே 12 பேர், இங்கே 45 பேர். 'பாதிப்பு' என்பதற்கு இரண்டு ஆய்வுகளும் வைத்த வரையறை முற்றிலும் ஒன்றல்ல. இருப்பினும், வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் தொடக்க அபாயமே: 28 எங்கே, 7.5 எங்கே!

கையால் வகுத்துப் பார்க்கும் வாசகர் ஒருவர், "4எஸ் கணக்கில் எனக்கு 0.69 வருகிறதே, கட்டுரையில் 0.66 என்று இருக்கிறதே" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாம் இறுதி எண்ணிக்கையை வகுக்கிறோம்; ஹசார்ட் ரேஷியோ வேகத்தை வகுக்கிறது. மேலே சொன்ன கற்பனைக் கணக்கிலும் ஈராண்டு முடிவில் 135-ஐ 190-ஆல் வகுத்தால் 0.71 வரும், 0.70 அல்ல. பாதிப்பு அதிகமாக ஏற்படும் ஆய்வுகளில் இந்த இடைவெளி கூடும்.

எனக்குத் தெரிந்த சகோதரர்கள் இருவர் ஒரே செய்தியைப் படித்தார்கள். அண்ணனுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தது. தம்பிக்குக் கொலஸ்ட்ரால் மட்டும் சற்று அதிகம். "30 விழுக்காடுதானே, 70 விழுக்காட்டுக்குப் பயனில்லையே" என்று அண்ணன் மாத்திரையை நிறுத்த எண்ணினார். தம்பியோ அதே எண்ணைக் கண்டு உடனே மருந்தகத்துக்குப் புறப்பட்டார். அண்ணனிடம் நான், "நீங்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்பவர், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்றேன். தம்பியிடம், "உங்கள் வரிசை நாற்பத்தைந்து பேரை விடவும் நீளமாக இருக்கலாம், முதலில் உங்கள் அபாயம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள்" என்றேன். பத்தாண்டு அபாயம் 4 விழுக்காடு என்று மருத்துவர் மதிப்பிட்டால், அதை 0.70-ஆல் பெருக்க 2.8 வரும், குறைவு 1.2, வரிசையில் சுமார் 84 பேர், அதுவும் பத்தாண்டுக்கு. அது வேண்டுமா என்பது அவரும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

இன்னும் ஒன்று. எந்த விகிதத்துக்கும் பக்கத்தில் ஓர் எல்லை தரப்பட்டிருக்கும். 4எஸ் ஆய்வில் மொத்த மரணம் 256-இலிருந்து 182-ஆகக் குறைந்தது, விகிதம் 0.70, எல்லை 0.58 முதல் 0.85 வரை. முழு எல்லையும் 1-க்குக் கீழே இருப்பதால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஸ்காட்லாந்து ஆய்விலோ மொத்த மரணம் 135-க்கு 106. குறைவு 22 விழுக்காடு, எல்லை 0 முதல் 40 வரை. குறைவு பூஜ்ஜியமாகவும் இருக்கலாம் என்பதே அதன் பொருள். மாரடைப்பைக் குறைத்தது உறுதி. மரணத்தைக் குறைத்ததா என்பதை அந்த ஓர் ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய செய்தியைக் கண்டால் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: யாரை ஆய்ந்தார்கள், எந்தப் பாதிப்பை எண்ணினார்கள், எத்தனை ஆண்டுகள், இரண்டு அணிகளிலும் நூற்றுக்கு எத்தனை பேர். பக்கவிளைவுக்கும் இதே கழித்தலைச் செய்யுங்கள். நன்மைக்கு 12 என்றால் தீமைக்கு எத்தனை என்பதையும் அருகில் எழுதிப் பார்த்தால்தான் கணக்கு முடியும்.