ஷூவைக் கழற்றினால் வரும் வாடை

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. ஆனால் வியர்வைக்கென்று தனி வாடை கிடையாது. காற்றுப் புகாத ஷூவுக்குள் ஊறிப்போன தோலில் பாக்டீரியாக்கள் பெருகி, வியர்வையில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஐசோவலரிக் அமிலமாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்தப் புளித்த நெடி இதிலிருந்துதான் வருகிறது.

இது தெரியாமல்தான் பலர் மருந்துக்கடைக்குப் போய்ப் பூஞ்சைக் கொல்லி பவுடரையோ ஸ்பிரேயையோ வாங்குகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஷூவோடு நிற்கும் காவலாளி ஒருவர் க்ளோட்ரிமசோல் பவுடரைப் பல வாரம் போட்டும் வாடை போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும். கடைசி இரு விரல்களின் இடுக்கில் தோல் வெளுத்து, உரிந்து, அரித்தால் அது சேற்றுப்புண். அதற்குப் பூஞ்சை மருந்து பலன் தரும். அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல், சொன்ன காலம் முழுக்கப் போட வேண்டும். அரிப்பே இல்லாமல், குதிகாலிலும் முன்பாதத்திலும் ஊசியால் குத்தியது போலச் சிறு குழிகள் தெரிந்து, கடும் நாற்றமும் இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம். கால் நனைந்தால் இந்தக் குழிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். மருத்துவர் எழுதித் தரும் க்ளிண்டாமைசின் போன்ற பூச்சு மருந்தே இதற்குச் சரி.

சாதாரண டால்கம் பவுடர் சிறிது ஈரத்தை உறிஞ்சும், வியர்வையை நிறுத்தாது. அதிகம் வியர்ப்பவருக்கு மதியத்துக்குள் கட்டி கட்டியாகிவிடும். வியர்வையையே குறைப்பது அலுமினியம் குளோரைடு கரைசல். இதை இரவில், நன்றாக உலர்ந்த காலில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். ஈரக்காலிலோ வெடிப்பிலோ பூசினால் எரியும்.

சாக்ஸ் விஷயத்தில் பருத்தியே உயர்ந்தது என்ற எண்ணம் முழுவதும் சரியல்ல. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் எளிதில் காயாது. நாள் முழுக்க ஈரத்துணி காலைச் சுற்றியிருக்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் வாடையைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய மெரினோ கம்பளி ஈரத்தையும் வாங்கும், வாடையையும் அடக்கும், விலைதான் அதிகம். பருத்தியே போதும் என்பவர் இன்னொரு ஜோடியைப் பையில் வைத்திருந்து மதியம் மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பவுடரைவிடவும் இது நல்ல பலன் தரும்.

கரித்தூள் கலந்த இன்சோல் வாடையை உறிஞ்சுமே தவிர, ஈரத்தைப் போக்காது. அதைத் தினமும் வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். ஷூவுக்குள் ஏறிய ஈரம் ஓர் இரவில் முழுதாகக் காயாது என்பதால், இரண்டு ஜோடியை நாள் விட்டு நாள் மாற்றிப் போடுவது நல்லது.

சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் புண்ணோ வெடிப்போ கண்டால் கடை மருந்தை நம்பி நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.