பூச்சி மாத்திரைக்கு அடங்காத கிருமி

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்துகளில் வசிக்கும் தமிழ்த் தாய்மார்கள் குழந்தையின் வயிற்று உபாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு அநேகமாக ஒரே வாசகத்தில்தான் வந்து நிற்கிறது: "பூச்சி மாத்திரை கொடுத்தாச்சுங்க, இன்னும் சரியாகல." அதற்கு மேல் அவர்கள் செய்வது மீண்டும் மருந்துக் கடைக்குப் போய் மற்றொரு மாத்திரை வாங்குவதுதான். கடைக்காரரும், குழந்தையைப் பாராமலும் ஒரு கேள்வி கேளாமலும், அதே அல்பெண்டசோலை எடுத்து நீட்டிவிடுகிறார். இந்த அலட்சியத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

இப்படிப்பட்ட குழந்தைகளில் பலருடைய கதை ஒன்றுபோலவே இருக்கும். ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு மாதமாக மலம் இளகலாகவும், எண்ணெய்ப் பசையோடும், சகிக்க முடியாத துர்நாற்றத்தோடும் போகிறது; சாப்பிட்டவுடன் வயிறு உப்புகிறது; காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தமும் இல்லை; உடம்பு மட்டும் இளைக்கிறது. மூன்று முறை பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. ஒருமுறை மலப் பரிசோதனையும் செய்து, "ஒன்றுமில்லை" என்று எழுதிய சீட்டையும் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவனுக்குப் புழு என்பதைவிட ஜியார்டியா என்று சந்தேகிப்பதே நியாயம். அது புழுவன்று, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஓரணு ஜீவி, சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொண்டு கொழுப்பு ஜீரணமாவதைக் கெடுப்பது. அல்பெண்டசோலின் ஒற்றை வேளை அளவு அதை ஒழிக்காது. ஒற்றை வேளை பூச்சி மாத்திரையை எத்தனை முறை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் ஒழியாது.

அப்படியானால் பரிசோதனைச் சீட்டு ஏன் ஒன்றுமில்லை என்றது? ஜியார்டியாவின் உறையிட்ட வடிவமாகிய சிஸ்ட் தினந்தோறும் மலத்தில் வருவதில்லை. சில நாள் நிறைய வரும், சில நாள் ஒன்றுகூட வராது. ஆகையால் ஒரே ஒரு மாதிரியைப் பார்த்து இல்லை என்று தீர்மானிப்பது தவறு. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக, பத்து நாட்களுக்குள் மூன்று மாதிரிகள் கொடுக்க வேண்டும். இதைப் பல பரிசோதனைக் கூடங்கள் தாமாகச் சொல்வதில்லை. கேட்க வேண்டியது நீங்கள்தான்.

மாதிரி எடுப்பதிலும் பிழைகள் நேர்கின்றன. பழைய மருந்துப் புட்டியில் வேண்டாம். கடையிலோ பரிசோதனைக் கூடத்திலோ கிடைக்கும் சுத்தமான, ஈரமில்லாத, அகன்ற வாயுள்ள மூடியிட்ட டப்பியே வேண்டும். குழந்தையைக் காகிதத்தின்மேலோ காய்ந்த பாத்திரத்திலோ மலங்கழிக்கச் செய்து, சிறுநீரும் கழிவறைத் தண்ணீரும் மண்ணும் கலவாமல், ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும். சளியோ நுரையோ உள்ள பகுதியிருந்தால் அதையே எடுங்கள். தண்ணீராகப் போகும் மலத்தை அரைமணி நேரத்துக்குள் சேர்ப்பித்துவிட வேண்டும். அதில் உயிரோடு அசையும் ஜியார்டியா சீக்கிரமே செத்து உருத்தெரியாமல் போய்விடும். கெட்டியான மலமானால் இரண்டு மணி நேரம் வரை தாமதிக்கலாம். காலை ஆறு மணிக்கு எடுத்ததை நண்பகலில் கொண்டுபோய்க் கொடுத்தால் பரிசோதனை செய்பவர் எதைக் காண்பார்? டப்பியின்மேல் பெயர், வயது, தேதியோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், அது கிருமியைக் காணவொட்டாமல் செய்யும், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நமக்குப் பக்கத்தில் சிவாஜிநகரிலுள்ள பௌரிங் மருத்துவமனைக்குச் சென்றால், முதலில் புறநோயாளிச் சீட்டு எடுத்துக் குழந்தைகள் பிரிவு டாக்டரைப் பார்த்து, சீட்டில் "மலப் பரிசோதனை, ஓவா மற்றும் சிஸ்ட், மூன்று மாதிரிகள், ஜியார்டியா சந்தேகம்" என்று எழுதித் தரும்படி கேளுங்கள். வெறும் "ஸ்டூல் ரொட்டீன்" என்று எழுதி அனுப்பிவிட்டால், மூன்று மாதிரி என்ற விஷயம் அங்கேயே மறைந்துவிடும். மூன்றிலும் காணாமல் அறிகுறிகள் மட்டும் நீடித்தால், ஜியார்டியாவின் ஆன்டிஜென் பரிசோதனை என்று ஒன்றுண்டு. அதைப் பற்றியும் வினவுங்கள்.

ஜியார்டியா என்று ஊர்ஜிதமானால், டாக்டர் எடைக்குத் தக்கபடி மெட்ரோனிடசோலை ஐந்து முதல் ஏழு நாள் வரையோ, வேறு மருந்தோ எழுதுவார். வாயில் உலோகக் கசப்புத் தட்டுவதால் இரண்டாம் நாளே பலர் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தாதீர்கள். கிருமி போன பின்பும் சில வாரங்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் இருக்கலாம். அதைக் கண்டு மருந்து தோற்றுவிட்டதாக எண்ணி மறுபடியும் பூச்சி மாத்திரைக்கு ஓட வேண்டாம்.

இதைச் சொல்லும்போது, பள்ளிகளில் கொடுக்கும் பூச்சி மாத்திரையே வீண் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாகாது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் கர்நாடகமும் தமிழ்நாடும் முதற்கட்டத்திலேயே சேர்ந்தவை. 1 வயது முதல் 19 வயது வரையுள்ள எல்லோருக்கும் அது இலவசம். பள்ளியில் சேராத குழந்தைக்கும் அங்கன்வாடியில் கிடைக்க வேண்டும். "சோதிக்காமலேயே எல்லோருக்கும் மருந்தா?" என்று படித்த பெற்றோர்கள் கேட்கிறார்கள். உருண்டைப்புழு மனித உடம்புக்குள் பெருகுவதில்லை. வயிற்றிலுள்ள ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து விழுங்கப்பட்ட ஒரு முட்டையிலிருந்து வந்தது. எனவே தீங்கு புழுவின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மிகுதியான புழுக்கள் சில குழந்தைகளிடமே குவிந்திருக்கும்; ஒரு பெண் புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும்; அந்தக் குழந்தைகள் யாரென்று கண்டுபிடிக்க எல்லோருடைய மலத்தையும் சோதிப்பது, மாத்திரை கொடுப்பதைவிடப் பன்மடங்கு செலவு. மாத்திரையோ மலிவு, அபாயம் குறைவு. ஆகவே நூற்றுக்கு இருபது குழந்தைகளுக்காவது புழு இருக்கும் இடங்களில் ஆண்டுக்கொரு முறையும், ஐம்பதைத் தாண்டினால் இருமுறையும் எல்லோருக்கும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதனால் பிள்ளைகளின் எடையும் படிப்பும் எவ்வளவு கூடுகின்றன என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் புழுச் சுமை குறைகிறது என்பதில் இல்லை. சாட்டைப்புழு மட்டும் ஒற்றை மாத்திரைக்கு எளிதில் முழுதும் போகாது.

மாத்திரையைக் கொடுக்கும் விதத்திலும் ஜாக்கிரதை அவசியம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதி மாத்திரையே அளவு. சிறு குழந்தைகளுக்கு அதைப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் வாயில் மாத்திரையைத் திணித்தால் மூச்சுக்குழலில் போய் உயிருக்கே ஆபத்தாகும். அன்றைக்குக் காய்ச்சலாயிருந்தால் வேண்டாம். விடுபட்டவர்களுக்கென்று சில தினங்கள் கழித்து மற்றொரு நாள் உண்டு.

பரவும் வழியிலும் புழுவுக்கும் ஜியார்டியாவுக்கும் பேதமுண்டு. உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட்டால்தான் தொற்றும். ஜியார்டியாவின் சிஸ்டோ மலத்தோடு வெளிவந்தவுடனே தொற்றக்கூடியது. பத்து சிஸ்டுகள் வாய்க்குள் போனாலே போதும். குழந்தையின் துணியை அலசிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சோறு பிசையும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சிகிச்சை செய்து என்ன பயன்? குழாய்த் தண்ணீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரினை ஜியார்டியாவின் சிஸ்ட் பெரும்பாலும் தாங்கிவிடும்; ஆகையால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குமிழியிட்டுப் பொங்கிய பின் ஒரு நிமிஷமாவது அடுப்பில் விடுங்கள். இளஞ்சூடு போதாது. குழாயில் சாக்கடை நாற்றம் வந்தால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு அழைத்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் கையிலில்லாத புகாரைப் பின்தொடர வழியில்லை. தெருவில் நான்கு வீட்டார் தனித்தனியே பதிவு செய்தால் இன்னும் நல்லது.

மறுபடியும் சொல்கிறேன்: பூச்சி மாத்திரை கொடுத்த பின்பும் இரண்டு வாரத்துக்கு மேல் வயிறு சரியாகாத குழந்தைக்கு இன்னொரு மாத்திரை வாங்காதீர்கள். டாக்டரிடம் காட்டி மூன்று மாதிரி கேளுங்கள், ஒவ்வொரு முடிவுச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.