நடுவழியில் ஒரு கைகுலுக்கல்

உபாத்தியாயர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் வாசித்துக் கொடுக்கும் உபசாரப் பத்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரோஜா நிறக் காகிதம், சுற்றிலும் கொடியும் பூவும், மேலே கண்ணாடிச் சட்டம். உள்ளே "கல்விக் கடலே!", "கருணைக் குன்றே!", "அறிவுச் சுடரே!" என்று வரிசையாக விளிகள். இதில் ஒரு சௌகரியம் உண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டால், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவருக்கும் அதே பத்திரம் பொருந்திவிடும்!

ஆனால் எல்லோருக்கும் போடலாம் என்று தைத்த ரவிக்கை ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது என்பது நம் பெண்மணிகளுக்குத் தெரியாததா? நன்றியும் அப்படித்தான். அளவெடுத்துத் தைக்க வேண்டும். அப்படி அளவெடுத்துத் தைத்த ஒரு நன்றிப் பாட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதை எழுதியவர் ஆங்கிலக் கவி ஜான் கீட்ஸ். எழுதியது 1816-ஆம் வருஷம் செப்டம்பரில், மார்கேட் என்ற கடற்கரை ஊரில். அப்போது அவருக்கு இன்னும் 21 வயது நிரம்பவில்லை. மருந்து வைத்தியத் தொழிலுக்கான பரீட்சையில் தேறிவிட்டுக் காற்று வாங்க வந்திருந்தார். பாட்டு யாருக்கு என்றால், சார்லஸ் கௌடன் கிளார்க் என்பவருக்கு. கிளார்க் என்றதும் ஏதோ ஆபீஸ் குமாஸ்தா என்று நினைத்துவிட வேண்டாம். அது அவருடைய குடும்பப் பெயர். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் அவருடைய தகப்பனார் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பிள்ளை அங்கே தகப்பனாருக்கு உதவியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மாணவனுக்கும் அவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம்.

பள்ளியில் கீட்ஸ் சாதுப் பையன் இல்லை. கைகலப்பு என்றால் முதலில் நிற்பவன். ஆனால் கடைசி ஒன்றிரண்டு வருஷங்களில் திடீரென்று புஸ்தகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இரவுச் சாப்பாட்டின்போதுகூடப் பெரிய புஸ்தகம் ஒன்றை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு படிப்பானாம். தகப்பனார் 1804-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்து போனார். தாயார் 1810-இல் காலமானார். அந்த வருஷமே பையனைப் பள்ளியிலிருந்து எடுத்து, பக்கத்து ஊரான எட்மண்டனில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழக விட்டுவிட்டார்கள்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய உறவு அது. முடியவில்லை. எட்மண்டனிலிருந்து என்ஃபீல்டு இரண்டு மைல். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பையன் அந்த இரண்டு மைலையும் நடந்து வந்து, படித்த புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு புஸ்தகம் வாங்கிக்கொண்டு போவான். இருவரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள், பேசுவார்கள்.

இவ்வளவு நெருங்கிப் பழகியும் ஒரு விஷயத்தில் மட்டும் மாணவனுக்குப் பொல்லாத கூச்சம். தானும் கவிதை எழுதுகிறோம் என்பதை அவன் ஆசிரியரிடம் மூச்சுவிடவில்லை. 1815 பிப்ரவரியில் லீ ஹண்ட் என்ற பத்திரிகாசிரியர் சிறையிலிருந்து விடுதலையானார். அவரைப் பார்க்கக் கிளார்க் புறப்பட்டார். வழியில் சந்தித்த கீட்ஸ் சிறிது தூரம் கூடவே நடந்து வந்தார். கடைசி வயலின் வாசற் படலருகே விடைபெறும் சமயத்தில், ஒரு காகிதத்தை எடுத்துத் தயங்கித் தயங்கி ஆசிரியரிடம் நீட்டினார். ஹண்டின் விடுதலையைப் பற்றி எழுதிய பதினான்கு வரிப் பாட்டு அது. கீட்ஸ் கவி எழுதுகிறார் என்று கிளார்க்குக்குத் தெரிந்தது அன்றுதான். கொடுக்கும்போது அந்த முகத்தில் இருந்த தயக்கத்தைக் கிளார்க் மறக்கவே இல்லை. நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1861-இல் தம் ஞாபகங்களை அச்சிட்டபோது அதை எழுதியிருக்கிறார்.

அந்தக் கூச்சக்காரர் அடுத்த வருஷம் எழுதியதுதான் நம் நன்றிப் பாட்டு. 130 வரிகளுக்கு மேல் வரும். கடித உருவத்தில் இருக்கிறது. அதில் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

முதலில், ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறார். 'நீங்கள் பெரிய கவிகளின் ரசத்தைப் பருகிப் பழகியவர். என்னிடம் உள்ளதோ சுவை குறைந்த சரக்கு. அதை உங்களுக்கு எப்படிக் கொடுப்பது? அதனால் நாட்கள் ஓடிவிட்டன' என்கிறார். சாதாரணமாக நாம் கடிதம் எழுதத் தாமதித்தால் "வேலை மிகுதியினால்" என்று ஆரம்பிப்போம். கீட்ஸ் அப்படி ஒரு சாக்குச் சொல்லவில்லை. வயல் படலருகே முகத்தில் தெரிந்த அதே தயக்கத்தைப் பாட்டின் வாசலிலேயே வைத்துவிடுகிறார். கூச்சப்பட்ட மாணவன் எழுதும் நன்றி, கூச்சத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிப்பதுதானே நியாயம்?

பிறகு, ஆசிரியர் தமக்குக் கொடுத்தது என்ன என்று கணக்குச் சொல்கிறார். "அறிவு தந்தீர்கள்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளவில்லை. கவிதையின் இனிமையை முதலில் காட்டியது நீங்கள் என்று தொடங்கி, பதினான்கு வரிப் பாட்டு எப்படி ஓசை உயர்ந்து சென்று பிறகு கம்பீரமாக அடங்குகிறது என்பதைப் படித்துக் காட்டியது நீங்கள் என்கிறார். நீண்ட புகழ்ப்பாட்டு பாரம் ஏற ஏற எப்படிப் பலம் பெறுகிறது, காவியம் எப்படி எல்லாவற்றையும் வளைத்து நிற்கிறது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சரித்திரத்தில் ஆல்பிரட் மன்னரையும், வில்லாளி வில்லியம் டெல்லையும் காட்டிக் கொடுத்ததை நினைவுகூர்கிறார். மளிகைக் கடைப் பற்றுச் சீட்டில் "சாமான்கள்" என்று மொத்தமாக எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? துவரம் பருப்பு இத்தனை, புளி இத்தனை என்று இருந்தால்தானே கடன் எவ்வளவு என்று தெரியும்? கீட்ஸ் எழுதியது அப்படிப்பட்ட சீட்டு.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தப் பகுதி முழுவதும் ஆசிரியர் செய்த காரியமே வருகிறது. அவர் எவ்வளவு பெரியவர் என்ற பேச்சு வரவில்லை. முகஸ்துதி எப்போதும் "நீங்கள் இப்படிப்பட்டவர்" என்று சொல்லும். நன்றி "நீங்கள் இதைச் செய்தீர்கள்" என்று சொல்லும். முதலாவதைக் கேட்டால் யாருக்கும் சற்றுக் கூச்சமாக இருக்கும். இரண்டாவதைக் கேட்டால், "ஆமாம், அன்றைக்கு அதைப் படித்தோம்" என்று ஞாபகம் வரும்.

அடுத்தபடியாக, 'உங்கள் அன்பை நான் அறியாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன்?' என்று கேட்கிறார். கேள்வியாகவே விட்டுவிடுகிறார். "நான் மகாகவி ஆனதற்கு நீங்களே காரணம்" என்று அவரால் எழுத முடியாது. அப்போது அவர் மகாகவி ஆகவில்லை. முதல் புஸ்தகமே வரவில்லை. ஆசிரியர் வைத்த நம்பிக்கை பலிக்குமா, பலிக்காதா என்று இருவருக்குமே தெரியாத சமயம் அது. நம் ஊர் உபசாரப் பத்திரங்களைப் பெரும்பாலும் முன்னுக்கு வந்த மாணவர்கள்தாம் வாசிக்கிறார்கள். நன்றி சொல்வதற்கு முன்னுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இந்தப் பாட்டு சாட்சி.

சரி, கடனைத் திருப்பித் தர முடியுமா? 'முடியவே முடியாது' என்று இரண்டு தரம் சொல்கிறார். ஆனால், 'இந்த வரிகள் உங்களுக்குப் பிடித்திருந்தால், புல்தரையில் இரு மடங்கு நிம்மதியாகப் படுத்து உருளுவேன்' என்கிறார்! அதற்கு மேல் அவருக்கு இருக்கும் ஆசை ஒன்றுதான். தம் கரடுமுரடான பாட்டைப் படித்த பொழுதை வீண் பொழுது என்று ஆசிரியர் நினைக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவே.

பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் அன்னப் பறவையும், தேவதைகளும், படகுமாக அலங்காரம் சற்று அதிகம். புது நகை போட்டுக்கொண்ட பெண் அடிக்கடி கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கிறது. கீட்ஸின் சிறந்த பாட்டுக்களில் இதை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் கடைசிப் பகுதிக்கு வந்ததும் அந்த நகைகளெல்லாம் தாமாகவே கழன்று விழுந்துவிடுகின்றன.

அங்கே அவர் ஒரு இரவை வர்ணிக்கிறார். இருவரும் நிழல் படர்ந்த சந்துகளில் நடந்து வெட்டவெளிக்கு வருகிறார்கள். பேச்சு ஓயவில்லை. இருட்டியதும் புஸ்தக அறைக்குள் போகிறார்கள், அங்கும் ஓயவில்லை. சாப்பாடு வருகிறது, ஓயவில்லை. மனமில்லாமல் தொப்பியை எடுக்கிறார், அப்போதும் ஓயவில்லை. ஆசிரியர் மாணவனோடு பாதி வழி வருகிறார். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்று கை குலுக்கிப் பிரிகிறார்கள்.

பிறகு மாணவன் இருட்டில் நின்று, திரும்பிப் போகும் ஆசிரியரின் காலடிச் சத்தத்தைக் கேட்கிறான். சரளைக் கல்லில் மிதிபடும் சத்தம் கேட்கிறது. நின்றுவிடுகிறது. மறுபடி கேட்கிறது. ஏன் என்றால், அவர் பாதையை விட்டுப் புல்தரையில் இறங்கி நடக்கிறார்; புல்லில் சத்தம் எழும்பாது. அந்த நிசப்தத்தில், 'இவருக்கு ஒரு தீங்கும் வராது' என்று மாணவன் மனத்துக்குள் வாழ்த்துகிறான். அந்த நினைவோடு மறுபடியும் கை குலுக்கி, 'நண்பர் சார்லஸ், போய் வருகிறேன்' என்ற பாவனையில் இரவு வணக்கம் சொல்லிப் பாட்டை முடித்துவிடுகிறார்.

"ஆசிரியரைப் பெயர் சொல்லியா கூப்பிடுவது?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்கள். அது அந்த ஊர் வழக்கம். ஆனால் மரியாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒருவருடைய காலடி சரளையிலிருந்து புல்லுக்கு மாறுவதைக்கூடக் காது கொடுத்துக் கேட்டு, வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பதைவிட மரியாதை வேறு என்ன வேண்டும்?

பாட்டு எழுதி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். 1816 அக்டோபரில் இருவரும் லண்டனில் கிளார்க்கின் ஜாகையில் சந்தித்தார்கள். ஹோமரின் காவியத்தை சாப்மன் என்பவர் செய்திருந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் விடிய விடியப் படித்தார்கள். விடியற்காலையில் கீட்ஸ் தம் அறைக்கு நடந்து போனார். காலை பத்து மணிக்குக் கிளார்க் பலகாரத்துக்கு உட்கார்ந்தால், மேஜைமேல் ஒரு பாட்டு இருக்கிறது! அந்த ஹோமரைப் பற்றியே எழுதியது. இன்றும் ஆங்கிலம் படிக்கிறவர்கள் கொண்டாடும் பாட்டு அது. வயல் படலருகே தயங்கிய கை இப்போது தயங்கவில்லை.

1817-இல் வெளிவந்த கீட்ஸின் முதல் புஸ்தகத்தில் நன்றிப் பாட்டும் இருந்தது. புஸ்தகம் சரியாக விற்கவில்லை. 1821 பிப்ரவரியில், 25 வயதில், ரோமாபுரியில் கீட்ஸ் க்ஷயரோகத்தால் காலமானார். கிளார்க் 1877 வரை இருந்தார். மாணவன் புகழ் பெற்றதையும் பார்த்தார்.

உங்கள் வீட்டில் யாராவது பழைய வாத்தியாரம்மாவுக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தால், "கடலே, குன்றே" என்று தொடங்கும் முன்பு ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்துகிறதா? பொருந்தினால் கிழித்துவிடலாம். கீட்ஸின் பாட்டில் பெயரை மாற்றிப் பாருங்கள். சரளைப் பாதையில் அந்தக் காலடி வேறு யாருக்கும் பொருந்தாது.