காபியும் டீயும் விறைப்புக்கு உதவுமா?

2015-இல் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. நாளுக்கு இரண்டு மூன்று கப் காபி குடிக்கும் ஆண்களிடம் விறைப்புக் குறைபாடு குறைவாக இருக்கிறதாம். அன்றிலிருந்து அதை நம்பிக் கூடுதலாகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். காபியால்தான் எல்லாம் கெட்டது என்று பயந்து நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆய்வு உண்மையில் என்ன சொன்னது என்று பார்த்தால் இரண்டுமே தேவையில்லை என்பது புரியும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டு அரசின் உடல்நலக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 3,724 ஆண்களின் தகவல்களை எடுத்துக்கொண்டார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் என்னென்ன சாப்பிட்டார்கள், குடித்தார்கள் என்ற பதிலிலிருந்து காஃபீன் அளவைக் கணக்கிட்டார்கள். காபி, டீ, குளிர்பானம் எல்லாமே இதில் சேர்த்தி. காஃபீன் ஏறக்குறைய இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, நாளுக்கு 85 முதல் 170 மில்லிகிராம் வரை எடுத்துக்கொண்டவர்கள் குறைபாடு இருப்பதாகச் சொன்ன வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. விறைப்புக் குறைபாடு அதிகம் வருவதே அவர்களுக்குத்தான்.

இது ஒரே நாளில் எடுத்த புகைப்படம் போன்ற ஆய்வு. முன்னால் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்று அதில் தெரியாது. ரத்த அழுத்தமோ படபடப்போ உள்ளவரை மருத்துவர் காபியைக் குறைக்கச் சொல்லியிருப்பார். அவருக்குக் குறைபாடும் இருந்தால், காபி குடிக்காததால்தான் அது வந்தது என்பதுபோலக் கணக்கு காட்டிவிடும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். 2015 ஆய்வை நடத்தியவர்களில் சிலரே அதையும் செய்தார்கள். 21,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களை 1998 முதல் 2010 வரை கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் 7,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் குறைபாடு வந்தது. காபி நிறையக் குடித்தவர், குடிக்காதவர் இருவருக்கும் இடையே வித்தியாசம் எதுவும் இல்லை. காபி காக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. கிளர்ச்சியின்போது நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். அதனால் குழாய்ச் சுவர்த் தசை தளர்ந்து ரத்தம் நிறைகிறது. அந்தத் தளர்ச்சியை முடித்துவைக்கும் நொதியைத் தடுத்துத்தான் சில்டெனாஃபில் மாத்திரை வேலை செய்கிறது. காஃபீனும் அதே வகை நொதிகளைத் தடுக்கும் என்பதால்தான் ஆசை பிறந்தது. ஆனால் அதற்கு வேண்டிய அளவு, நாம் குடித்து ரத்தத்தில் சேரும் அளவைவிட மிக மிக அதிகம்.

எனர்ஜி டிரிங்க் கதை வேறு. விறைப்பை மட்டும் எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு என்று இங்கே எதுவும் இல்லை. ஆனால் டப்பாவுக்குள் இருப்பதைக் கணக்கிடலாம். இந்திய விதிப்படி இவற்றில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். அரை லிட்டர் டப்பா என்றால் 150 மில்லிகிராம் வரை. இது பெரிய கப் காபி ஒன்றரை அளவுதான். பல வகைகளில் 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. அப்படியானால் ஒரு டப்பாவில் 55 கிராம், அதாவது 11 டீஸ்பூன். இதைத் தினமும் குடித்தால் எடையும் ரத்தச் சர்க்கரையும் ஏறும். சர்க்கரை நோய் நரம்பையும் நுண்குழாய்களையும் அரித்துவிடும். 2019-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஆரோக்கியமான 34 இளைஞர்கள் ஏறத்தாழ ஒரு லிட்டர் குடித்தபின் ரத்த அழுத்தம் 4, 5 புள்ளி உயர்ந்தது. இதயத்தின் மின்னோட்டப் பதிவிலும் மாற்றம் தெரிந்தது.

நம் வீட்டு டீ, காபியிலும் சர்க்கரையை எண்ண வேண்டும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டம்ளர் குடித்தால் 50 கிராம் ஆகிவிடுகிறது.

தூக்கமும் முக்கியம். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வில், பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. ஆகவே கடைசி காபியை மதியத்தோடு முடித்துக்கொள்வது நல்லது.

இதயத் துடிப்புக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இல்லாதவருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. அந்த அளவுக்குள் இருந்தும் குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் காபியின்மேல் பழிபோட்டுக் காத்திருக்கக் கூடாது. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொன்னால், வரவிருக்கும் மாரடைப்பைக்கூட முன்பே கண்டுகொள்ள வழி பிறக்கும்.